கேபிள் வழியே இறங்கும் ஓஎஸ்

திருப்பரங்குன்றம், திருமங்கலம், மேலூர் சாலை என்று மதுரையை விட்டு எந்தப் பக்கம் வெளியேறினாலும் ஒரு பொறியியல் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ கண்ணில் படும். அங்கெல்லாம் கணினி லேப் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது, பென்டிரைவ் கொண்டுவராதே என்பதுதான். காரணம் அனுபவம். ஒரு மாணவரின் பென்டிரைவில் வந்த வைரஸ், ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிட்டு, மாலைக்குள் லேபின் எல்லாக் கணினிகளிலும் உட்கார்ந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு ஆன்லைன் தேர்வுகள் வந்தன. தேர்வு மையமாக இயங்கும் லேபில் யூஎஸ்பி வாய்கள் வேலை செய்யக் கூடாது. சில லேபுகளில் பயாஸில் அவற்றை முடக்கிக் கடவுச்சொல் போட்டு வைத்திருக்கிறார்கள். சிடி டிரைவ் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கிறது.

செமஸ்டர் முடிந்ததும் நாற்பது கணினிகளுக்கும் புதிதாக ஓஎஸ் போட வேண்டும். எந்த வழியாக உள்ளே அனுப்புவது?

மிச்சம் இருக்கும் ஒரே வாசல் லேன் கேபிள். அது போதும். இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விதிமுறை இதற்காகவே எழுதப்பட்டது. ஹார்ட் டிஸ்க் காலியாக இருந்தாலும், மதர்போர்டில் உள்ள லேன் சிப்புக்குரிய சிறு நிரல் ஒன்று விழித்துக்கொண்டு, நெட்வொர்க்கில் ஒரு சர்வரைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து துவக்கக் கோப்பை இறக்கி ஓட்டும். இருபது ஆண்டுகளாக விற்பனைக்கு வரும் மேசைக் கணினிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. பெரும்பாலான லேபுகளில் அதை யாரும் தொட்டதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

இதன் வேர் பிஎக்ஸ்இயைவிடப் பழையது. 1980களில் டிஸ்க் விலை அதிகம். அதனால் டிஸ்க்கே இல்லாத பணிநிலையங்களை ஒரு சர்வரோடு கேபிளில் இணைத்து இயக்கினார்கள். டிஸ்க் இல்லாத கணினிக்குத் தன் முகவரி கூடத் தெரியாது. அந்தச் சிக்கலுக்கு பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் 1985இல் எழுதிய விடைதான் பூட்பி. பின்னாளில் டிஎச்சிபி அதன் மேல்தான் வளர்ந்தது. கோப்பை இறக்கும் டிஎஃப்டிபி அதற்கும் முந்தியது. அதன் விதிமுறை 1981இல் வெளிவந்தது. டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் கட்டிச் சேர்த்ததுதான் பிஎக்ஸ்இ. ஆகவே 2015 வாக்கில் வாங்கிய கணினியும் துவக்க நேரத்தில் எண்பதுகளின் மொழியைத்தான் பேசுகிறது.

அந்தப் பேச்சு இப்படிப் போகிறது. பவர் பட்டனை அழுத்தி, F12ஐத் தட்டி, நெட்வொர்க் பூட்டைத் தேர்ந்தெடுத்ததும் கணினி யாரென்று பாராமல் எல்லோருக்குமாக ஒரு குரல் கொடுக்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் புதிதாக வந்து இறங்கியவர், “மேலூர் பஸ் எங்கே நிக்கும்?” என்று பொதுவாகக் கேட்பதைப் போல. அந்தக் குரலில் மூன்று செய்திகள் இருக்கும்: என் மேக் முகவரி இது, நான் பிஎக்ஸ்இ மூலம் கிளம்ப வேண்டும், என் கட்டமைப்பு இன்னது. டிஎச்சிபி சர்வர் ஓர் ஐபி முகவரியைத் தருவதாகச் சொல்கிறது. கூடவே, “கோப்பு இந்த சர்வரில் இருக்கிறது, அதன் பெயர் இது” என்றும் சேர்த்துச் சொல்கிறது. கணினி அதை ஏற்கிறது, சர்வர் உறுதி செய்கிறது. அவ்வளவுதான். வீட்டு ரவுட்டரும் முகவரி தரும். ஆனால் சர்வர் எது, கோப்புப் பெயர் என்ன என்ற அந்த இரண்டு தகவல்களைத் தராது. ஒரு லேபுக்கு பிஎக்ஸ்இ அமைப்பது என்றால், அடிப்படையில் அந்த இரண்டு தகவல்களைச் சொல்லக்கூடிய ஆளை நெட்வொர்க்கில் உட்கார வைப்பதுதான்.

அந்த ஆளுக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. நாற்பது கணினிகள் உள்ள ஒரு லேபை எடுத்துக்கொள்வோம். அவற்றைத் தவிர இன்னொரு கணினியில் கூடுதலாக ஒரு லேன் கார்டு செருகி, லினக்ஸ் போட்டு, அதையே சர்வராக்கலாம். ஒரு கார்டு கல்லூரி நெட்வொர்க்கைப் பார்க்கும். மற்றொன்று லேப் ஸ்விட்ச்சை மட்டும் பார்க்கும். இந்தப் பிரிப்பு முக்கியம். ஏன் என்று பிறகு பார்ப்போம். சைமன் கெல்லி எழுதிய `dnsmasq` என்ற சிறிய நிரல் டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டு வேலைகளையும் பார்த்துக்கொள்ளும். அதற்கான அமைப்புக் கோப்பு எட்டே வரி:

```
interface=enp3s0
dhcp-range=192.168.50.100,192.168.50.180,2h
dhcp-match=set:efi,option:client-arch,7
dhcp-boot=tag:!efi,pxelinux.0
dhcp-boot=tag:efi,debian-installer/amd64/bootnetx64.efi
enable-tftp
tftp-root=/srv/tftp
log-dhcp
```

முதல் வரியில் இருப்பது லேப் ஸ்விட்ச்சைப் பார்க்கும் கார்டின் பெயர்; அந்தக் கார்டுக்கு 192.168.50.1 என்ற முகவரியைக் கையால் கொடுத்திருக்க வேண்டும். நடுவில் உள்ள மூன்று வரிகள் பழைய பயாஸ் கணினிகளையும் புதிய யூஇஎஃப்ஐ கணினிகளையும் பிரிக்கின்றன. இரண்டு தலைமுறைக் கணினிகள் ஒரே லேபில் கலந்து கிடப்பது நம் ஊரில் சகஜம். இரண்டுக்கும் ஒரே கோப்பைக் கொடுத்தால் ஒரு சாரார் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். கணினி தன் குரலில் சொல்லும் கட்டமைப்பு எண் 7 என்றால் அது 64 பிட் யூஇஎஃப்ஐ. பயாஸ் என்றால் அந்த எண் பூஜ்யம்.

அடுத்து, டெபியன் தளத்திலிருந்து `netboot.tar.gz` என்ற பொதியை இறக்கி `/srv/tftp` ஃபோல்டரில் விரிக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு துவக்கக் கோப்புகளும், இன்ஸ்டாலரின் கர்னலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் லினக்ஸ் புதிதல்ல. சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அங்கே சூசே லினக்ஸுக்கு மாறினார்கள். சென்னை சி-டாக் டெபியனை அடித்தளமாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. உரிமக் கட்டணம் இல்லாத ஓஎஸ் என்றால் நாற்பது முறை போட்டாலும் கணக்குக் கேட்க ஆளில்லை. விண்டோஸ் போட விரும்புகிறவர்களுக்கும் துவக்கம் இதே பிஎக்ஸ்இதான்; அதற்குப் பின்னால் வரும் கருவிகள் மட்டும் வேறு.

இப்போது முதல் கணினியை எழுப்பிவிட்டு, சர்வரில் `journalctl -fu dnsmasq` என்று தட்டிவிட்டு உட்கார்ந்து பார்க்கலாம். `DHCPDISCOVER`, `DHCPOFFER`, `DHCPREQUEST`, `DHCPACK` என்ற நான்கும் வரிசையாக வந்து போகும். பிறகு `pxelinux.0` போய்ச் சேர்ந்த செய்தி வரும். அதற்குப் பின்னால் புதியவர்கள் பயந்துவிடும் கட்டம். `pxelinux.cfg/C0A83270 not found`, `pxelinux.cfg/C0A8327 not found` என்று வரிசையாகப் பத்துப் பிழைகள் கொட்டும். அவை பிழைகளே அல்ல. பிஎக்ஸ்இலினக்ஸ் முதலில் கணினியின் யூயூஐடி பெயரிலும், பிறகு தன் மேக் முகவரியின் பெயரிலும் அமைப்புக் கோப்பு இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் தன் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக மாற்றிக் கேட்கும், 192.168.50.112 என்பதுதான் C0A83270. அதுவும் இல்லையென்றால் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக உதிர்த்துக் கேட்டுக்கொண்டே வந்து, இறுதியில் `default` கோப்பில் நிற்கும். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆசிரியர் மேசையில் உள்ள ஒரு கணினிக்கு மட்டும் வேறு மாதிரி ஓஎஸ் வேண்டுமென்றால், அதன் மேக் முகவரியின் பெயரில் தனிக் கோப்பு வைத்தால் போதும்.

டிஎஃப்டிபி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் லேப்காரர்களின் பொறுமையைச் சோதிப்பது அதுதான். சிறு சிப்பில் அடங்க வேண்டும் என்பதற்காக அதை மிக எளிமையாக எழுதினார்கள். கோப்பை 512 பைட் துண்டுகளாக அனுப்பும். ஒரு துண்டு போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்த பிறகே அடுத்த துண்டு கிளம்பும். 30 எம்பி அளவுள்ள கோப்பு என்றால் 61,440 துண்டுகள். அத்தனை முறை போய்வர வேண்டும். ஒரு போய்வரலுக்கு அரை மில்லிசெகண்ட் என்றாலே அரை நிமிடம் ஆகிவிடும். துண்டின் வரிசை எண்ணுக்கு 16 பிட்தான் இடம் என்பதால், பழைய முறையில் சுமார் 32 எம்பிக்கு மேல் ஒரு கோப்பை எண்ணி முடிக்கவே முடியாது. துண்டின் அளவைப் பேசி முடிவு செய்துகொள்ளும் வசதி 1995இல் வந்தது. பிஎக்ஸ்இலினக்ஸ் அதைப் பயன்படுத்தி ஏறத்தாழ 1,400 பைட் துண்டுகளாகக் கேட்கிறது. அதனால்தான் இன்றைய பெரிய இன்ஸ்டாலர் கோப்புகளும் இதன் வழியே இறங்குகின்றன. எப்படிப் பார்த்தாலும் டிஎஃப்டிபியிடம் கொடுக்க வேண்டியது கர்னலும் அதன் துணைக் கோப்பும் மட்டுமே. மற்ற எல்லாம் எச்டிடிபி வழியாக வரட்டும்.

அந்த மற்ற எல்லாம்தான் பெரிய சுமை. லேசான ஒரு மேசைச் சூழலோடு டெபியன் போட ஒரு கணினிக்கு 1 ஜிபி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பதுக்கு 40 ஜிபி. கல்லூரியின் இணைய இணைப்பில் இதை இழுத்தால் அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு மெயில்கூடத் திறக்காது. இதற்கு `apt-cacher-ng` என்ற நிரலை சர்வரில் போடுகிறார்கள். முதல் கணினி கேட்கும் பொதிகளை அது இணையத்திலிருந்து வாங்கிச் சேமித்துக்கொள்ளும்; மீதி முப்பத்தொன்பதுக்கும் உள்ளூரிலேயே எடுத்துக் கொடுக்கும். அதனால் முதல் கணினியை மட்டும் தனியாக முடித்துவிட்டு, பிறகு மற்றவற்றை ஒன்றாகக் கிளப்புவது நல்லது. லேப் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ் வகை என்றால் நிமிடத்துக்கு 650 எம்பிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 40 ஜிபி நகர ஒரு மணி நேரம் ஆகும். ஜிகாபிட் ஸ்விட்ச்சில் அதே வேலை ஆறேழு நிமிடக் கணக்கு. அப்போது தாமதம் கேபிளில் இருக்காது, ஒவ்வொரு கணினியின் டிஸ்க்கில் இருக்கும். இரண்டில் எதுவானாலும், ஒரே ஒரு பென்டிரைவைக் கணினிக்குக் கணினி மாற்றிச் செருகி, ஒன்றுக்கு அரை மணி வீதம் இருபது மணி நேரம் அலைவதைவிட மேல்.

கேள்வி கேட்காமல் இன்ஸ்டால் ஆக வேண்டுமென்றால், பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் ப்ரீசீட் கோப்பு வேண்டும். அதற்கான வழியை `default` கோப்பில் சொல்ல வேண்டும்:

```
DEFAULT local
PROMPT 1
TIMEOUT 100
LABEL local
  LOCALBOOT 0
LABEL install
  KERNEL debian-installer/amd64/linux
  APPEND initrd=debian-installer/amd64/initrd.gz auto=true priority=critical interface=auto url=http://192.168.50.1/lab.cfg
```

இங்கே முதல் வரிதான் உயிர். ப்ரீசீட் கோப்பில் `d-i partman/confirm boolean true` என்று எழுதினால், டிஸ்க்கை அழிக்கலாமா என்று இன்ஸ்டாலர் கேட்காது, அழித்துவிடும். இப்போது `DEFAULT install` என்று வைத்துவிட்டு, பயாஸிலும் நெட்வொர்க்கை முதல் வரிசையில் வைத்தால் என்ன நடக்கும்? கணினி இன்ஸ்டால் செய்து முடித்து ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி நெட்வொர்க்கிலிருந்து கிளம்பும். மறுபடி டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்யும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது நாற்பதும் இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ இருக்கும். சர்வரை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த வாரம் ரெக்கார்டு வேலையைச் சேமித்து வைத்த மாணவரின் கணினியும் ஒரு ரீஸ்டார்ட்டில் துடைக்கப்படும். ஆகவே `local` இயல்பாக இருக்க வேண்டும். வேண்டியவர் பத்து நொடிக்குள் `install` என்று தட்டட்டும். `TIMEOUT` எண் பத்தில் ஒரு நொடிக் கணக்கு என்பதால் 100 என்றால் பத்து நொடி. இந்தக் கோப்பு பயாஸ் கணினிகளுக்கானது. யூஇஎஃப்ஐ கணினிகளுக்கு இதே ஏற்பாட்டை `grub.cfg` கோப்பில் செய்ய வேண்டும்.

முன்பு சொன்ன இரண்டு கார்டு விஷயத்துக்கு வருவோம். லேப் ஸ்விட்ச்சிலிருந்து கல்லூரி நெட்வொர்க்குக்குப் போகும் ஒரு கேபிளைக் கழற்ற மறந்துவிட்டால், இந்தச் சிறிய டிஎச்சிபி சர்வர் வளாகம் முழுவதற்கும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். நூலகத்திலும் அலுவலகத்திலும் உள்ள கணினிகள் 192.168.50 என்று தொடங்கும் முகவரியை வாங்கிக்கொண்டு இணையம் இல்லாமல் நிற்கும். எந்தக் கணினிக்கு எந்த சர்வர் முதலில் பதில் சொல்கிறதோ அதுதான் வெல்லும் என்பதால், சில கணினிகள் வேலை செய்யும், சில செய்யாது. கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு இதுதான். அடையாளம் ஒன்று உண்டு: `journalctl` ஓட்டத்தில் லேபில் இல்லாத கணினிகளின் பெயர்கள் தென்படும். கேபிளைக் கழற்றவே முடியாத இடங்களில் `dnsmasq`ஐ ப்ராக்ஸி முறையில் ஓட்டலாம். அப்போது முகவரி கொடுக்கும் வேலையைக் கல்லூரி சர்வரிடமே விட்டுவிட்டு, துவக்கக் கோப்பின் பெயரை மட்டும் இது சொல்லும்.

மற்ற கோளாறுகள் திரையிலேயே தங்களைச் சொல்லிக்கொள்ளும். அந்தக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. `PXE-E61` என்றால் கேபிள். தூசியும் வியர்வை ஈரமும் படிந்த லேன் சாக்கெட், எலி கடித்த வயர், சரியாக க்ரிம்ப் செய்யாத ஆர்ஜே-45 முனை என்று பார்க்க வேண்டும். `PXE-E51` என்றால் குரல் கொடுத்தும் யாரும் பதில் சொல்லவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தும் இது வந்தால், சந்தேகப்பட வேண்டியது மேனேஜ்டு ஸ்விட்ச். அது புதிதாக இணைந்த வாயைச் சுழல் இருக்கிறதா என்று சோதித்து முப்பது நொடி அடைத்து வைக்கும். அதற்குள் கணினி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். அந்தச் சோதனையை லேப் கணினிகள் செருகிய வாய்களுக்கு மட்டும் தவிர்க்கும் அமைப்பு ஸ்விட்ச்சிலேயே உண்டு. `PXE-E53` என்றால் முகவரி கிடைத்தது, கோப்புப் பெயர் கிடைக்கவில்லை. பெரும்பாலும் வேறொரு ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கும். `PXE-E32` என்றால் பெயர் தெரிந்தது, டிஎஃப்டிபி பதில் சொல்லவில்லை. சர்வரின் ஃபயர்வால் யூடிபி 69ஆம் வாயை மூடி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் குறியீடு எதுவும் வராமல் தடுமாற வைப்பது ஒன்று இருக்கிறது: மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற நாணய பேட்டரி. கோடை விடுமுறையில் லேபின் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுப் போவார்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் கடிகாரத்தை ஓட்டுவது அந்த பேட்டரி மட்டும்தான். பழைய கணினிகளில் அது தீர்ந்துபோகும். ஜூன் மாதம் திறக்கும்போது பயாஸ் தன் பிறந்த நிலைக்குத் திரும்பியிருக்கும். நெட்வொர்க் பூட் அணைந்திருக்கும். தேதியோ பல ஆண்டுகள் பின்னால் இருக்கும். பயாஸுக்குள் போய் நெட்வொர்க் பூட்டை மறுபடி இயக்கினாலும், தேதியைக் கவனிக்காவிட்டால் இன்ஸ்டாலர் பாதியில் நிற்கும்: பொதிகளின் டிஜிட்டல் கையொப்பம் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் அது செல்லாது என்று சொல்லும். சர்வரையும் இணையத்தையும் குடைந்து பார்ப்பவருக்குக் காரணம் ஒரு சிறிய பேட்டரி என்று தோன்றவே தோன்றாது. நாற்பதில் நாலைந்து மட்டும் அடம்பிடித்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. டிஎஃப்டிபி கட்டத்தில் கரண்ட் போனால் நஷ்டமில்லை, மறுபடி F12. டிஸ்க்கைப் பிரித்துப் பொதிகளை எழுதும் கட்டத்தில் போனால் அந்தக் கணினியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். லேப் யூபிஎஸ் நாற்பது கணினிகளையும் தாங்காவிட்டாலும் சர்வரையும் ஸ்விட்ச்சையும் அதில் மாட்டிவிட வேண்டும். சேமித்து வைத்த பொதிகள் பத்திரமாக இருந்தால், மறுபடி தொடங்குவது சில நிமிட வேலைதான்.

புதிய கணினிகளில் பாதை கொஞ்சம் மாறுகிறது. செக்யூர் பூட் இயங்கும் யூஇஎஃப்ஐ கணினி, கையொப்பமிட்ட துவக்கக் கோப்பை மட்டுமே ஏற்கும். டெபியன் பொதியில் உள்ள `bootnetx64.efi` கையொப்பமிட்டதுதான், ஆகவே அதை அணைக்கத் தேவையில்லை. 2015இல் வந்த யூஇஎஃப்ஐ 2.5 விதிமுறை டிஎஃப்டிபியை விட்டுவிட்டு நேரடியாக எச்டிடிபி வழியே துவங்கும் முறையையும் சேர்த்தது. பிஎக்ஸ்இலினக்ஸ் அடங்கிய சிஸ்லினக்ஸின் நிலையான பதிப்பு 6.03 வெளியானது 2014இல். அதற்குப் பிறகு புதிய நிலையான பதிப்பு வரவில்லை. ஆனாலும் பழைய பயாஸ் கணினிகள் ஓடும் வரை அது வேலை செய்யும். மதுரைப் பக்கத்து லேபுகளில் அத்தகைய கணினிகள் நிறைய இருக்கின்றன. அடுத்த சில ஆண்டுகளுக்கு இரண்டு பாதைகளையும் சேர்த்து வைத்திருப்பதே விவேகம். லேபைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் செமஸ்டர் விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பழைய கணினி, ஒரு ஸ்விட்ச், இரண்டு கேபிள் கிடைத்தால் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரே ஒரு கணினிக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்விட்ச்சிலிருந்து கல்லூரி நெட்வொர்க்குக்குப் போகும் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.